மணிக்கூட்டுக் கண்ணாடிக்குள் புகார் பிடித்தால் விளக்கில் காயவைக்க விடாதீர்கள்

போன மார்கழி மழைக்குள், மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் என் கைமணிக்கூட்டுக்குப் பற்றரி மாற்றினேன். கட்டாரில் இருந்து அண்ணன் கொண்டுவந்து தந்தது. பின்மூடியில் 50 மீற்றர் என்று போட்டிருக்கும், ஆறு வருசமாக ஒரு குறையும் இல்லை. பொடியன் மூடியை நெம்பித் திறந்து, பற்றரியைப் போட்டு, ஐந்து நிமிசத்தில் அமத்தித் தந்துவிட்டான்.

நாலாம் நாள் கல்லடிப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வரும்போது நல்ல மழை. ஒபிசுக்குள் போய் ஏசிக்குக் கீழே இருந்ததும் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் புகார். துடைத்தால் போகவில்லை. மத்தியானமாகும்போது டயலில் மூன்று இருக்கிற பக்கம் சின்னத் துளிகளாகத் திரண்டிருந்தது.

அன்றைக்கே கடைக்குக் கொண்டு போனேன். முதலாளி மூடியைத் திறக்கவே இல்லை. மேசை விளக்குக்குக் கீழே அரை மணித்தியாலம் வைத்தார், புகார் மறைந்தது. "உங்கட வேர்வைதான் தம்பி, இப்ப காஞ்சிட்டு" என்று சொல்லி 800 ரூபா வாங்கினார். நானும் நம்பி வந்துவிட்டேன். பிழை அங்கேதான்.

மூடிய மணிக்கூட்டைச் சூடாக்கினால் தண்ணீர் வெளியே போகாது. ஆவியாகி உள்ளே இருக்கிற காற்றில் கலந்துவிடும், அவ்வளவுதான். கண்ணாடி தெளிவாகத் தெரியும். திரும்பக் குளிரும்போது அந்த ஆவி எது குளிர்ந்ததோ அதில் போய்ப் படியும். ஏசியில் முதலில் குளிர்வது கண்ணாடி, ஏனென்றால் பின்மூடிக்குக் கையின் சூடு இருக்கிறது. ராவில் கழற்றி வைத்தால் உள்ளே இருக்கிற இரும்பிலும் படியும்.

மூன்று கிழமையில் குமிழை இழுத்து நேரம் திருத்தப் பார்த்தால் அது கரகரவென்று இறுகி வந்தது. காத்தான்குடியில் பழைய ஆள் ஒருவரிடம் கொண்டு போனேன். கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு திறந்தவர், "காக்கா, என்ன?" என்று நான் கேட்க முந்தியே "இஞ்ச பாருங்க மனே" என்று லென்சைக் கழற்றி என்னிடம் தந்தார்.

பின்மூடிக்கான மெல்லிய ரப்பர் வாசர் ஒரு இடத்தில் பள்ளத்தை விட்டு வெளியே வந்து மூடிக்கும் உடலுக்கும் நடுவில் நசுங்கி வெட்டுப்பட்டிருந்தது. சிலிக்கன் கிறீஸ் பூசின அடையாளமே இல்லை. மழைத்தண்ணி போனது அந்த வெட்டால். குமிழின் உருக்குத் தண்டு செம்மண் நிறமாகக் கிடந்தது. டயலில் மூன்றுக்குப் பக்கத்தில் கடுகளவு மூன்று கறை.

காக்கா சொன்ன ஒரு வித்தியாசம் முக்கியம். எங்கள் ஊரில் 30 பாகை வெக்கையில், 80 வீத ஈரப்பதனோடு மூடியை அடைத்தால் அந்தக் காற்று 26 பாகைக்குக் குளிர்ந்தாலே பனிக்கும். ஆகவே கடும் ஏசியில் மெல்லிய புகார் வந்து ஒன்றிரண்டு நிமிசத்தில் போனால், அது அடைபட்ட காற்றின் ஈரமாகவும் இருக்கலாம். துளி திரண்டால், மணிக்கணக்காக நின்றால், தண்ணீர் போயிருக்கிறது.

அப்படி வந்தால் முதலில் குமிழ் உள்ளே அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே துடைத்துக் கழற்றி வையுங்கள். வெயில், ஹேர் டிரையர், அரிசிப் பானை ஒன்றும் வேண்டாம். மூடின மணிக்கூட்டை அரிசிக்குள் புதைத்தால் உள்ளே இருக்கிற ஈரம் அங்கேயேதான் இருக்கும். அன்றைக்கோ மறுநாளோ திறக்கிற ஆளிடம் கொடுங்கள். திறந்து, பற்றரியைக் கழற்றி, இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஒரு ராவாவது வைக்க வேண்டும், பிறகு புது வாசர். கடலிலோ வாவியின் உவர்த்தண்ணியிலோ விழுந்திருந்தால் காயவைத்து மட்டும் சரிவராது. உப்பு உள்ளேயே நின்று ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மெசினைக் கழற்றிக் கழுவத்தான் வேண்டும், அதுவும் கெதியாக.

காக்கா தண்டை மாற்றி, வாசர் இரண்டும் புதிதாகப் போட்டார். பிறகு மணிக்கூட்டை 40 பாகை அளவில் சூடான தட்டில் கால் மணித்தியாலம் வைத்து, கண்ணாடி நடுவில் சாதாரணத் தண்ணீர் ஒரு துளி விட்டு, ஒரு நிமிசத்தில் துடைத்தார். கீழே புகார் இல்லை. ஐஸ்கட்டி வைக்கலாமே என்று கேட்டேன். "அது வெச்சா நம்மட ஊர்ல நல்ல மணிக்கூடும் புகாரடிக்கும்" என்றார். இது உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை மட்டும். அடைப்பு சரியா என்று பார்க்க அமுக்கச் சோதனை வேறு, அந்த மெசின் அவரிடம் இல்லை; அதனால் மழையில் கட்ட வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டார்.

வெட்டுப்பட்ட வாசரைக் கொண்டு போய் முதல் கடை மேசையில் வைத்தேன். "இது எங்கட கடையில மாத்தினதெண்டு துண்டு இருக்கா?" என்று கேட்டார் முதலாளி. துண்டு நான் வாங்கவில்லை. டயலில் அந்த மூன்று கறையும் இப்போதும் இருக்கிறது.