13ஆ, 14ஆ? ஊரில் வந்த ஒரு மெசேஜும் அதைக் கேட்கும் முறையும்

சான்றிதழ் நகல் வாங்க முன்பதிவு செய்ததும் மெசேஜ் வந்துவிட்டது. வேகத்தில் குறையே சொல்ல முடியாது. உள்ளே இருந்ததுதான் கோளாறு. முதல் வரியில் "நாள்: 13/08/2026, நேரம்: 10.30". நாலு வரி தள்ளி, "மூல ஆவணங்களுடன் 14-08-2026 வெள்ளிக்கிழமை காலை 10.30 மணிக்கு நேரில் வரவும்". அனுப்பியது ஒரே அலுவலகம், விண்ணப்ப எண்ணும் ஒன்றே, தேதி மட்டும் இரண்டு.

முன்பெல்லாம் கவுண்டரில் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். பேனாவால் ஒரு தேதி, மேலே ஒரு ரப்பர் முத்திரை, அவ்வளவுதான். கையெழுத்து கோழி கிறுக்கலாக இருந்தாலும் தேதி ஒன்றுதான் இருக்கும். இப்போது மெசேஜின் பாதியை இயந்திரம் நிரப்புகிறது, மீதிப் பாதியை யாரோ எப்போதோ தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு பாதியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. வெளிநாட்டிலும் இதே கதைதான் நடக்கிறது. அங்கே கூடுதலாக, பதில் எழுத முடியாத முகவரியிலிருந்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஊரில் குறைந்தபட்சம் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். ஆனால் அவரிடம் கேட்கும் விதத்தில் கேட்டால்தான் வேலை நடக்கும்.

கேட்பதற்கு முன்னால் இரண்டு தேதிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். தப்பு எங்கே நுழைந்தது என்பதற்கு அதுவே பெரும்பாலும் துப்பு கொடுத்துவிடும். இடைவெளி சரியாக ஒரு வாரமோ இரண்டு வாரமோ என்றால், நாள் தள்ளிவைக்கப்பட்டு, ஒரு வரியை மாற்றியவர் இன்னொன்றை மறந்திருக்கலாம். ஓரிடத்தில் 07/08, இன்னோரிடத்தில் ஜூலை 8 என்றிருந்தால் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. அமெரிக்காவில் இருப்பவர்கள் மாதத்தை முதலில் வாசித்தே பழகியவர்கள், ஊரில் நாள்தான் முதலில் வரும். இரண்டு எண்ணும் 12க்குள் இருக்கும்போதுதான் இந்தக் குழப்பம் வரும். 13/08ஐ யாரும் மாற்றி வாசிக்க முடியாது, பதின்மூன்றாவது மாதம் கிடையாதே.

நம் மெசேஜில் இடைவெளி ஒரே ஒரு நாள், இயந்திரம் போட்ட வரியில் இருப்பது முந்தைய நாள், மணி இரண்டிலும் 10.30. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நேர மண்டலத்தை. பல முன்பதிவு மென்பொருள்கள் நாளை ஒரு கட்டத்திலும் மணியை வேறொரு கட்டத்திலும் வைக்கின்றன. நாளுக்கான கட்டத்தில் "ஆகஸ்ட் 14" என்று போட்டால், அது உள்ளே "ஆகஸ்ட் 14, நள்ளிரவு 0.00" என்று பதிவாகும். தமிழ்நாடு, இலங்கை இரண்டின் நேரமும் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. அந்த நள்ளிரவைப் பொது நேரத்துக்கு மாற்றினால் ஆகஸ்ட் 13 மாலை 6.30. அதிலிருந்து நாளை மட்டும் உருவி அச்சடித்தால் 13 என்று வந்துவிடும். மணி தனிக் கட்டத்தில் இருப்பதால் 10.30 அப்படியே நிற்கும்.

மின்னஞ்சலோடு நாட்காட்டிக் கோப்பு ஒன்று இணைப்பாக வந்திருந்தால் இதை நேரடியாகவே பார்த்துவிடலாம். அந்த .ics கோப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து, இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள்:

```
DTSTART:20260813T183000Z
```

கடைசியில் உள்ள Z என்ற எழுத்து, எழுதியிருப்பது உலகப் பொது நேரம் என்பதற்கான அடையாளம். 18.30உடன் ஐந்தரையைக் கூட்டினால் நள்ளிரவு, அதாவது ஆகஸ்ட் 14 பிறக்கிற நேரம். இதே கோப்பை டொரண்டோவில் இருப்பவர் தன் போனில் சேர்த்தால் 13ஆம் தேதி பிற்பகல் 2.30 என்று காட்டும். ஊரில் இறங்கிப் போன் ஊர் நேரத்துக்கு மாறியதும் அதே பதிவு 14க்கு நகரும். போன் பழுதில்லை, கணக்கு அப்படி. முழுநாள் நிகழ்வென்று ஒழுங்காகப் பதிந்திருந்தால் அந்த வரி இப்படி இருந்திருக்கும். இதில் மணியே இல்லை, அதனால் எந்த ஊருக்குப் போனாலும் நாள் நகராது:

```
DTSTART;VALUE=DATE:20260814
```

அடுத்த சாட்சி கிழமை. 2026 ஆகஸ்ட் 14 வெள்ளிதான், 13 வியாழன். கீழ் வரியில் நாளும் கிழமையும் ஒத்துப்போகின்றன. மேல் வரியில் கிழமையே இல்லை. இது 14க்கு ஆதரவான சாட்சி, தீர்ப்பு அல்ல. அந்தக் கிழமையையும் இயந்திரமே தேதியிலிருந்து கணக்கிட்டிருந்தால், தேதி தப்பானாலும் கிழமை அதற்குத் தகுந்தாற்போல் பொருந்திக்கொள்ளும். மனிதர் கையால் எழுதிய கிழமைக்குத்தான் மதிப்பு அதிகம். ஆட்கள் தேதியை மறந்தாலும் "வெள்ளிக்கிழமை வரச் சொல்லணும்" என்பதை மறக்க மாட்டார்கள்.

காசோலையில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே கணக்கு என்று இந்தியாவின் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. அலுவலக மெசேஜில் வரும் தேதிக்கு அப்படி எந்த விதியும் இல்லை. தடித்த எழுத்தில் இருப்பது ஜெயிக்கும், கடைசியில் இருப்பது ஜெயிக்கும் என்பதெல்லாம் நம் ஆசை. அதனால், துப்பு எவ்வளவு துலங்கினாலும் கேட்டே ஆக வேண்டும்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். "14ஆம் தேதிதானே சார்?" என்று போனில் கேட்டால் "ஆமாங்க" என்று வரும். 13 என்று கேட்டிருந்தாலும் அதே "ஆமாங்க"தான் வந்திருக்கும். வரிசையில் பத்து பேர் நிற்கும்போது தலையாட்டுவது அவருக்குச் சுலபம். "எந்தத் தேதிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டால், தன் கண்ணில் முதலில் பட்ட வரியை வாசித்துவிடுவார். இன்னொரு வரி இருப்பதே அவருக்குத் தெரியாது. "உங்க மெசேஜ் தப்பா இருக்கு" என்று ஆரம்பித்தால் இன்னும் மோசம், "மெசேஜ்ல என்ன இருக்கோ அதுதான்" என்று பதில் வரும். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர்களின் தனி வியாதி வேறு: விமானச் சீட்டு, லீவு, குழந்தைகளின் பள்ளி என்று முக்கால் பக்கம் எழுதி, கேள்வியைக் கடைசி வரியில் ஒளித்து வைப்பது. வாசிப்பவர் அதுவரை வருவதே இல்லை.

எழுதிக் கேட்பதாக இருந்தால் இவ்வளவு போதும்:

"வணக்கம். விண்ணப்ப எண் (எண்ணை இங்கே போடவும்). நேற்று வந்த மெசேஜில் முதல் வரியில் 13/08/2026 என்றும், கீழே 'மூல ஆவணங்களுடன்' என்று தொடங்கும் வரியில் 14-08-2026 வெள்ளி என்றும் இருக்கிறது. நான் வர வேண்டியது ஆகஸ்ட் 13 வியாழனா, ஆகஸ்ட் 14 வெள்ளியா? நாள், கிழமை, நேரம் மூன்றையும் குறிப்பிட்டுப் பதில் அனுப்புங்கள்."

இரண்டு தேதியையும் மெசேஜில் இருந்தபடியே எழுதி, எந்த வரி என்றும் காட்டிவிட்டதால் அவர் தேட வேண்டியதில்லை. குறை சொல்லும் தொனி இல்லாததால் முறைப்பும் வராது. கேள்வி "இதா, அதா" என்று இருப்பதால் வெறும் "ஆமாம்" பதிலாகாது. கிழமையைக் கேட்பதுதான் இதில் உயிர்நாடி. பதிலில் தட்டச்சுப் பிழை வந்தாலும் நாளும் கிழமையும் மோதிக்கொண்டு காட்டிக் கொடுத்துவிடும். மாதத்தைப் பெயரால் எழுதுவது இன்னொரு காப்பு.

போனில் என்றால் உங்கள் பக்கத்துத் தேதியைச் சொல்லவே சொல்லாதீர்கள். "மெசேஜ்ல ரெண்டு தேதி வந்திருக்குங்க. என் நம்பரைப் போட்டுப் பார்த்து, எந்த நாள் பட்டியல்ல என் பேர் இருக்குன்னு வாசிக்கிறீங்களா?" என்று கேளுங்கள். பட்டியல் என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. விண்ணப்பத்தின் பக்கத்தில் மெசேஜில் வந்த அதே பழுதான தேதியே காட்டலாம். அன்றன்றைக்கு அச்சடித்து வாசலில் கொடுக்கும் பட்டியலை வைத்துத்தான் ஆளை உள்ளே விடுகிறார்கள். அவர் வாசித்ததும் "ஆகஸ்ட் பதினாலு, வெள்ளிக்கிழமை, காலைல பத்தரை" என்று திருப்பிச் சொல்லி, அவர் வாயால் ஒருமுறை சரி வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் வந்தும் தீராத நேரம் உண்டு. "மேலே உள்ள தேதி" என்று வந்தால் எதற்கு மேலே என்று தெரியாது. "நாளைக்கு வாங்க" என்று வந்தால், நீங்கள் இன்னும் விமானம் ஏறவில்லை என்பது அவருக்குத் தெரியாது. ஆகஸ்டில் டொரண்டோவில் இரவு 9 மணி என்றால் ஊரில் மறுநாள் காலை 6.30. அவருடைய நாளை உங்களுக்கு நாளை மறுநாள். "ஓகே" என்று மட்டும் வந்தால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல், அதே கேள்வியை ஒரே வரியாகச் சுருக்கித் திரும்ப அனுப்புங்கள்: "13 வியாழனா, 14 வெள்ளியா?"

பதிலே வரவில்லை என்றால் முந்தைய நாளில் போய் நிற்பதுதான் நஷ்டம் குறைவு. 13க்குப் போய் "நாளைக்கு வாங்க" என்று கேட்டால் போவது ஒரு காலைப்பொழுது. 14க்குப் போய் "நேத்தே வந்திருக்கணும்" என்று கேட்டால் மறுபடி முன்பதிவு, அதற்குள் திரும்பிப் போகும் நாளே வந்துவிடலாம். கட்டணம் கட்டக் கடைசி நாள் இரண்டாக வந்தாலும் இதே கணக்கு, முந்தையதற்குள் கட்டிவிடுங்கள். "இந்த நாள் முதல் பெற்றுக்கொள்ளலாம்" என்ற வகைத் தேதிக்கு மட்டும் தலைகீழ், பிந்தைய நாளுக்குப் போனால் ஒரே நடையில் முடியும்.

14தான் என்று உறுதியானதும் திருத்திய மெசேஜ் ஒன்றை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அது தானாக வந்தால் அதிலும் மேல் வரி 13 ஆகவே இருக்க வாய்ப்புண்டு, பழுது மென்பொருளில்தானே இருக்கிறது. அதனால் அவர் கைப்பட அனுப்பிய பதிலையும் பழைய மெசேஜையும் ஒரே தாளில், விண்ணப்ப எண் இரண்டிலும் தெரிகிற மாதிரி, அச்செடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்பவர் முதல் வரியைத்தான் பார்ப்பார். "நேத்து தேதி போட்டிருக்கே" என்று அவர் கையை நீட்டித் தடுக்கும்போது, விரலைக் கீழே நகர்த்திக் காட்ட அந்தப் பதில் அதே தாளில் இருக்க வேண்டும்.