சருகுமானா, நரியா? மண்டையோட்டுப் படத்தில் பிரிப்பது

அம்பாறைப் பக்கம் வயலோரத்தில் கிடந்த சிறிய மண்டையோட்டை ஒரு தம்பி படமெடுத்து அனுப்பினார். நீண்ட கோரைப்பல் இருந்ததால் நரி என்றே நினைத்திருந்தார். ஆனால் ஆண் சருகுமானுக்கும் மேல் கோரைப்பல் நீளம்தான்.

மேல் முன்பற்கள்: நரிக்கு ஆறு. சருகுமானுக்குக் கிடையாது. பல் உதிர்ந்திருந்தால் குழி தெரியும். இதில் குழியே இல்லை.

கடைவாய்ப்பல்: நரிக்குக் கத்தரிபோல் வெட்டும் பல் உண்டு. சருகுமானுக்கு அரைக்கும் பிறைவடிவ மேடுகள்.

கண்குழி: நரிக்குச் சற்று முன்நோக்கியது, பின்பக்கம் எலும்பு வளையம் மூடாது. சருகுமானுக்குப் பக்கவாட்டில், முழு வளையம்.

தாடை மூட்டு: நரிக்குப் பல்வரிசை மட்டத்தில், மானுக்கு அதைவிட உயரத்தில். இதற்குப் பக்கவாட்டுப் படமும் கீழ்த்தாடையும் வேண்டும். தம்பியிடம் கீழ்த்தாடை இல்லை. சரி, முன்பல்லும் கண்வளையமுமே போதும்: அது சருகுமான், இலையும் பழமும் தின்றது.