முகம் மாற்றும் முன் மூன்று எண்கள்: நான்கு வருட அனுபவம்

கல்யாண ஆல்பம் வேலையில் குரூப் போட்டோ ஒரு தனித் தலைவலி. பதினாறு பேர் நிற்பார்கள். பதினைந்து பேர் அருமையாக இருப்பார்கள், ஆச்சி மட்டும் கண்ணை மூடியிருப்பார். அடுத்த ஃபிரேமில் ஆச்சி கண்ணைத் திறந்து சிரித்திருப்பார், ஆனால் மடியில் இருக்கும் பேரன் பக்கம் தலையைச் சாய்த்திருப்பார். "அந்த முகத்தை எடுத்து இதுல வச்சிருங்க தம்பி" என்று வீட்டார் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

முன்பெல்லாம் முகத்தை வெட்டி, மேலே வைத்து, கண்ணளவில் சுழற்றிப் பொருத்துவேன். ஒரு மணி நேரம் ஓடிய பிறகுதான் இது ஒட்டவே ஒட்டாது என்று தெரியவரும். நான்கு வருடமாக, வெட்டுவதற்கு முன்பே இரண்டு முகங்களையும் அளந்துவிடுகிறேன். அளக்க, முகத்தில் புள்ளிகளைக் கண்டுபிடித்துத் தரும் மீடியாபைப்பின் ஃபேஸ் மெஷ்; ஒட்ட போட்டோஷாப். தொடக்கத்தில் அதே வேலையைச் செய்யும் dlib நிரலின் 68 புள்ளி மாடலைத்தான் வைத்திருந்தேன். அதைப் பயிற்றுவித்த படத்தொகுப்பின் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை என்று பிறகுதான் படித்தேன். காசு வாங்கிச் செய்யும் வேலை என்பதால் மாறிவிட்டேன்.

ஃபேஸ் மெஷ் ஒரு முகத்தில் 468 புள்ளிகள் தரும். எனக்கு வேண்டியது மூன்றுதான்: இரண்டு வெளிக் கண்முனைகள், மூக்கு நுனி. இமைப் புள்ளிகளைத் தொடுவதில்லை, கண் மூடினால் அவை நகர்ந்துவிடும். வாய் சிரித்தால் நகரும். தாடை ஓரப் புள்ளிகளை நம்பவே கூடாது. முகம் திரும்பும்போது கண்ணுக்குத் தெரிகிற விளிம்பே வேறு இடமாகிவிடுகிறது, புள்ளியும் அந்த விளிம்போடு போய்விடுகிறது. கண்முனை மட்டும்தான் எலும்பை ஒட்டி அசையாமல் நிற்கும்.

```python
import numpy as np
def measure(p):          # p: pixel (x, y)
    a, b, n = p[33], p[263], p[1]
    d, v = b - a, n - a
    w = np.hypot(d[0], d[1])
    roll = np.degrees(np.arctan2(d[1], d[0]))
    t = (v @ d) / w**2
    h = (d[0]*v[1] - d[1]*v[0]) / w**2
    return roll, w, t, h
```

`roll` என்பது தலைச் சாய்வு. `w` கண்முனைகளுக்கு இடையிலான தூரம், இது அளவைச் சரிசெய்ய மட்டும். `t` என்பது கண்கோட்டில் மூக்கு நுனி எந்த இடத்துக்கு நேராக இருக்கிறது என்பது. நேராகப் பார்க்கும் முகத்தில் 0.5 சுற்றி வரும், முகம் திரும்பத் திரும்ப ஒரு பக்கம் ஒதுங்கும். `h` கண்கோட்டிலிருந்து மூக்கு எவ்வளவு கீழே என்பது. குனிந்தால் கூடும், நிமிர்ந்தால் குறையும்.

இதில் நான் பட்ட முதல் அடி: மீடியாபைப் புள்ளிகளை 0 முதல் 1 வரையிலான எண்ணாகத் தருகிறது. x-ஐப் படத்தின் அகலத்தாலும் y-ஐ உயரத்தாலும் பெருக்கிய பிறகே கோணம் பார்க்க வேண்டும். நான் பெருக்காமல் பார்த்தேன். கேமரா படம் 3:2 என்பதால் 10 டிகிரி சாய்வு 15 டிகிரி என்று வந்தது. ஒரு வாரம் எல்லா முகங்களும் கொஞ்சம் கோணலாகவே ஒட்டிக்கொண்டிருந்தன, நானும் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். இன்னொன்று, மேடையில் தூரத்தில் நிற்பவர்களின் சின்ன முகங்களை அது கண்டுபிடிக்காமல் விட்டுவிடும். முகத்தைச் சுற்றி கிராப் செய்து கொடுத்தால் பிடித்துக்கொள்ளும்.

அந்த ஆச்சியின் கணக்கையே சொல்கிறேன். சிரித்த ஃபிரேமில் கண்முனைகள் (1210, 884), (1322, 864). குறுக்கே 112, மேலே 20. சாய்வு −10.1 டிகிரி, தூரம் 113.8 பிக்சல். குரூப் ஃபிரேமில் (2046, 1130), (2142, 1134). சாய்வு 2.4 டிகிரி, தூரம் 96.1. ஆக, கடிகாரச் சுற்றில் 12.5 டிகிரி திருப்ப வேண்டும், 84.4 சதவீதமாகச் சுருக்க வேண்டும். வெட்டிய முகத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கி, Ctrl+T கொடுத்து இரண்டு எண்களையும் நேரடியாகத் தட்டினேன். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்காமல் நாலு தடவை சுழற்றிப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் தோல் கொஞ்சம் மழுங்கும். கடைசியில் ஆச்சி மட்டும் பவுடர் போட்டமாதிரி நிற்பார்.

`t` 0.55-க்கு 0.51, `h` 0.47-க்கு 0.45. இரண்டும் பக்கத்தில்தான். ஒட்டியது, பத்து நிமிடத்தில் முடிந்தது. ஒன்று மட்டும் உறுத்தியது. மேலிருந்து விழுந்த வெளிச்சத்தில் மூக்கின் நிழல் நேர்கீழே இருந்தது, முகத்தைச் சுழற்றியதும் நிழலும் 12.5 டிகிரி இடப்பக்கம் ஓடிவிட்டது. அதை மென்மையான பிரஷ்ஷில் கையால்தான் திருத்தினேன்.

சாய்வு எத்தனை டிகிரியாக இருந்தாலும் தாளைச் சுழற்றுவதுபோலச் சுழற்றிவிடலாம். முகம் திரும்பியிருந்தால் முடியாது. ஒரு கன்னம் மறைந்திருக்கும், மறைந்ததை எந்தச் சுழற்றலும் கொண்டுவராது. என் கைக்கணக்கில் முகம் 10 டிகிரி திரும்பினால் `t` சுமார் 0.1 நகர்கிறது. வித்தியாசம் 0.05-க்குள் என்றால் யாரும் கண்டுபிடிப்பதில்லை. 0.1 வரை லேசாக வார்ப் செய்து ஒப்பேற்றலாம். அதற்கு மேல் போனால் அந்த ஃபிரேமை விட்டுவிட்டு வேறு ஃபிரேம் தேடுவேன்.

எதிர்ப்பக்கம் திரும்பிய முகத்தை ஃபிளிப் செய்தால் `t` அழகாகப் பொருந்திவிடும். ஒருமுறை அப்படிச் செய்து அனுப்பினேன். மணப்பெண்ணின் அத்தை ஒரே பார்வையில், "என் மூக்குத்தி எப்போ இந்தப் பக்கம் வந்துச்சு?" என்றார். அதோடு ஃபிளிப்பை விட்டேன்.

`h`-ஐ நான் கவனிக்க ஆரம்பித்தது தாமதமாகத்தான். சாய்வும் திரும்பலும் கச்சிதமாக இருந்த ஒரு தாத்தா முகம், ஒட்டிய பிறகு ஏனோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருந்தவரை நான் நின்றபடி எடுத்த படம் அது. அளந்தால் 0.56, குரூப்பில் 0.45. இப்போதெல்லாம் குரூப் எடுக்கும்போதே இடத்தை விட்டு அசையாமல், அதே உயரத்தில் ஏழெட்டு ஷாட் சேர்த்து எடுத்துவிடுகிறேன். மாற்று முகம் அதிலேயே கிடைத்துவிடும்.

மூன்று எண்ணும் பொருந்தியும் ஒட்டாத முகம் ஒன்றுண்டு, அது செல்ஃபி. துபாயில் இருக்கும் மாப்பிள்ளையின் அண்ணனால் வரமுடியவில்லை, அவரையும் குரூப்பில் சேர்க்கவேண்டும் என்றார்கள். அவரே சம்மதித்து வாட்ஸ்அப்பில் ஒரு செல்ஃபி அனுப்பினார். கை நீளத்தில் எடுத்த படம், மூக்கு பெருத்து, காது பின்னால் ஒளிந்திருந்தது. குரூப்பை நான் நான்கு மீட்டர் தள்ளி நின்று எடுத்திருந்தேன். கண்முனைகள் அச்சாகப் பொருந்தின, அண்ணன் மட்டும் மீன்தொட்டிக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தார். நண்பரை மூன்று மீட்டர் தள்ளி நிற்கச்சொல்லி, போனை 2x-ல் வைத்து, நெஞ்சுயரத்தில் பிடித்து, முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பத்துப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். ஏழாவது படத்தில் `t` 0.47, குரூப்பில் அவருக்கு ஒதுக்கிய இடத்துக்குப் பக்கத்தில் நின்ற தம்பிக்கு 0.48. அதையே வைத்தேன்.