போக்குவரத்து அபராதம்: சலான் தளமா, மெய்நிகர் நீதிமன்றமா, பேமென்ட் ஆப்பா?

மைத்துனர் தன் ஸ்கூட்டரை விற்க விலை பேசி முடித்திருந்தார். வாங்க வந்தவர் விவரமானவர். முன்பணம் கொடுக்கும் முன் வண்டி எண்ணை வைத்துச் சலான் பாக்கி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். மைத்துனரும் போனில் வைத்திருந்த பேமென்ட் ஆப்பைத் திறந்தார். ஹெல்மெட் போடாததற்கு 1000 ரூபாய் அபராதம் ஒன்று நின்றது. அங்கேயே யூபிஐயில் கட்டிவிட்டு, "எல்லாம் முடிஞ்சுது" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அன்று மாலையே அந்த ஆளிடமிருந்து பதில் வந்தது: "அண்ணே, இன்னொண்ணு இருக்கே?"

அவர் பார்த்தது அரசின் தளத்தில். இரண்டாவது சலான் எட்டு மாதம் பழையது, நோ பார்க்கிங், 500 ரூபாய். மைத்துனரின் ஆப்பில் அது கண்ணிலேயே படவில்லை. ஆப் பொய் சொல்லவில்லை. அந்தச் சலான் அதற்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டிருந்தது. எந்த வழியில் கட்டுவது சுலபம் என்று யோசிப்பதற்கு முன், சலான் இப்போது யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்று வழிகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

முதல் வழி, மத்திய அரசின் இ-சலான் தளம், `echallan.parivahan.gov.in`. இங்கே மூன்று விதமாகத் தேடலாம்: சலான் எண், வண்டி எண், ஓட்டுநர் உரிம எண். பலரும் கையில் இருக்கும் சலான் எண்ணைப் போட்டுத் தேடி, அது ஒன்றைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். பாக்கி மொத்தமும் தெரிய வேண்டுமானால் வண்டி எண்ணால் தேட வேண்டும். அப்போது சேஸிஸ் எண் அல்லது என்ஜின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளைக் கேட்கும். ஆர்சி புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவது நல்லது. கேமரா பிடித்த வழக்குகளில் ஓட்டியவர் யார் என்று கேமராவுக்குத் தெரியாது, நம்பர் பிளேட் மட்டும்தான் தெரியும். அதனால் அவை உரிம எண்ணில் ஏறாமல் வண்டி எண்ணில்தான் ஏறும். உரிம எண்ணை மட்டும் போட்டுப் பார்த்து "பாக்கி இல்லை" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

வரும் பட்டியலில் ஒவ்வொரு சலானுக்கும் ஒரு வரி இருக்கும். தேதி, தொகை, நிலை, கட்டுவதற்கான பொத்தான், கட்டியிருந்தால் ரசீது. ஹெல்மெட் வரியில் நிலை `Pending`, பக்கத்தில் கட்டும் பொத்தான். நோ பார்க்கிங் வரியில் அந்தப் பொத்தானே இல்லை, நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டதாகக் குறிப்பு மட்டும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்த்தாலே எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும். பொத்தான் இருந்தால் விஷயம் இன்னும் காவல் துறையிடமோ போக்குவரத்துத் துறையிடமோ இருக்கிறது, இங்கேயே கட்டலாம். இல்லாவிட்டால் கோப்பு கைமாறிவிட்டது.

சரி, அது போன இடம்தான் இரண்டாவது வழி: மெய்நிகர் நீதிமன்றம், `vcourts.gov.in`. குறித்த காலத்துக்குள் கட்டாமல் விட்ட சலான்கள் இங்கே வந்து சேர்கின்றன. நேரில் போய் நிற்க வேண்டியதில்லை, நீதிபதி கணினி வழியாகவே வழக்கைப் பார்த்து அபராதத்தை முன்மொழிகிறார். தளத்தில் உங்கள் மாநிலத்தின் பெயரோடு இருக்கும் போக்குவரத்துப் பிரிவைத் தேர்ந்தெடுத்து, சலான் எண்ணையோ வண்டி எண்ணையோ போட்டுத் தேடலாம். போன் எண், பெயர், 16 எழுத்துகள் கொண்ட சிஎன்ஆர் எண் ஆகியவற்றாலும் தேட முடியும். சிஎன்ஆர் என்பது நீதிமன்றம் ஒவ்வொரு வழக்குக்கும் தரும் அடையாள எண். இந்த இடத்தில் உங்கள் காகிதம் சலான் என்பதிலிருந்து வழக்கு என்பதாக மாறிவிட்டது என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

இங்கே இரண்டு தேர்வுகள் காட்டப்படும்: முன்மொழிந்த அபராதத்தைக் கட்டுகிறேன், அல்லது வழக்கை எதிர்க்கிறேன். இரண்டாவதை அவசரத்தில் தட்டிவிடக் கூடாது. எதிர்ப்பதாகச் சொன்னால் வழக்கு அந்த எல்லைக்குரிய வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும், நேரில் போக வேண்டியிருக்கும். வண்டியே உங்களுடையது இல்லை, கேமரா நம்பர் பிளேட்டைத் தவறாகப் படித்திருக்கிறது என்றால் எதிர்ப்பதுதான் சரி. நோ பார்க்கிங்கில் நிறுத்தியது உண்மை என்றால் கட்டிவிட்டுப் போவது லாபம். மைத்துனரின் வழக்கில் அதே 500 ரூபாய்தான் காட்டியது. எப்போதும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். முன்மொழியும் தொகையை நீதிமன்றம்தான் முடிவு செய்கிறது.

மூன்றாவது வழி, மைத்துனர் முதலில் போன வழி: பேமென்ட் ஆப்கள். இவற்றில் பில் கட்டும் பகுதியில் சலானுக்கென்று ஒரு பிரிவு இருக்கும். வேகத்தில் இதை எதுவும் மிஞ்சாது. கேப்சா எழுத்துகளோடு மல்லுக்கட்ட வேண்டாம், தளம் திறக்கவில்லையே என்று காத்திருக்கவும் வேண்டாம். ஒரே ஒரு சலான், நேற்றுதான் எழுதினார்கள், தொகை தெரியும், இப்போதே கட்டிவிட வேண்டும் என்றால் நான் ஆப்பைத்தான் சொல்வேன். ஆனால் பாக்கி இருக்கிறதா என்று சரிபார்க்க அதை நம்ப மாட்டேன். ஆப் காட்டுவது தன் வழியே இப்போது கட்டக்கூடியவற்றைத்தான். நீதிமன்றத்துக்குப் போனவை அதில் வராமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

ஆப்பின் ரசீது இன்னொரு சிக்கல். மைத்துனரின் ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தோம். 1000 ரூபாய், பச்சை டிக், தேதி, நேரம், யூபிஐ பரிவர்த்தனை எண். சலான் எண் மட்டும் அந்தப் படத்தில் இல்லை, உள்ளே விவரப் பக்கத்துக்குப் போனால்தான் வந்தது. பச்சை டிக் சொல்வது ஒன்றே ஒன்று: உங்கள் கணக்கிலிருந்து பணம் போனது. எந்தச் சலானுக்குப் போனது, அது தீர்ந்ததா என்பதை அது சொல்லவில்லை. இ-சலான் தளத்திலிருந்து இறக்கும் ரசீதில் சலான் எண், வண்டி எண், தொகை, பரிவர்த்தனை எண் எல்லாம் ஒரே காகிதத்தில் இருக்கும். நாளை வண்டியை மறித்து யாராவது கேட்டாலோ, பெயர் மாற்றம் நடுவில் நின்றாலோ கையில் இருக்க வேண்டியது இதுதான். ஆப்பில் கட்டினாலும் பரவாயில்லை. மறுநாள் அரசுத் தளத்துக்குப் போய், அந்த வரியில் `Pending` மறைந்துவிட்டதா என்று பார்த்து, அங்கே வந்திருக்கும் ரசீதை பிடிஎஃப்பாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை ரசீது என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு.

பணம் போய்விட்டது, நிலை மாறவில்லை என்றால் என்ன செய்வது? முதல் விதி, மறுபடி கட்டாதீர்கள். இரண்டு முறை கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது ஒற்றை அபராதத்தைவிடப் பெரிய தண்டனை. நடந்திருக்கக்கூடியவை இரண்டு. ஒன்று, பணம் சேர்ந்துவிட்டது, தளம் இன்னும் பதிவு செய்யவில்லை. இ-சலான் தளத்திலேயே நிலுவையில் நிற்கும் பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் வசதி உண்டு. அதை இயக்கினால் வங்கியிடம் மறுபடி கேட்டு நிலையைத் திருத்திக்கொள்ளும். இரண்டாவது, பணம் நடுவில் தொங்குகிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட விதிப்படி, கணக்கில் கழிந்து பெறுபவருக்கு உறுதி போகாத யூபிஐ கட்டணம் ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆகவே, ஒரு வாரம் பொறுத்திருந்து இரண்டில் எது நடந்தது என்று வங்கிக் கணக்கில் பார்த்தால் போதும். மைத்துனரின் 1000 ரூபாய்க்கு முதல் வகைதான் நடந்தது. மறுநாள் மதியம் பார்த்தபோது வரி மாறியிருந்தது.

நீதிமன்றத்தில் கட்டியதில் தாமதம் இன்னும் கூடுதலாக இருக்கலாம். அங்கே கட்டி முடித்ததும் வழக்கு முடிந்ததாகக் காட்டும், ஒப்புகைச் சீட்டும் வரும். ஆனால் இ-சலான் தளம் வேறு, நீதிமன்றத் தளம் வேறு. தகவல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் இந்தப் பக்கத்தில் நிலை மாறும். அதுவரை பெயர் மாற்ற விண்ணப்பம் தடைபட்டால் காட்ட இருப்பது அந்தச் சீட்டு ஒன்றே. கட்டிய பக்கத்தை மூடும் முன் அதை இறக்கி வைத்துவிடுங்கள்.

பிரவுசிங் சென்டரில் கொடுத்துக் கட்டுவதும் ஒரு வழிதான். கணினி பழக்கமில்லாதவர்களுக்கு அது உதவி, நான் குறை சொல்ல மாட்டேன். ரசீதை அச்சடித்துத் தரச் சொல்லுங்கள், அதில் உங்கள் சலான் எண் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள், அவ்வளவுதான்.

இந்த மூன்றிலும் சேராத நான்காவது ஒன்று இருக்கிறது, அது வாட்ஸ்அப்பில் தானாக வரும். "உங்கள் வண்டிக்குச் சலான்" என்ற செய்தியோடு ஒரு ஏபிகே கோப்பு. அதை நிறுவினால் போனிலிருக்கும் ஓடிபிகள் திருடர்களிடம் போகும். உண்மையான தளம் எதுவும் ஏபிகே அனுப்பாது. சுட்டி மட்டும் வந்தாலும், முகவரியில் `https://` என்பதை அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் பகுதி `.gov.in` என்று முடிகிறதா என்று பாருங்கள். நடுவில் `parivahan` என்று இருப்பது எதற்கும் அத்தாட்சி இல்லை, அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் தங்கள் முகவரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

மைத்துனருக்கு ஏன் எட்டு மாதமாக எதுவும் தெரியவில்லை என்று அப்புறம் பார்த்தோம். ஆர்சியில் இருந்தது அவர் எப்போதோ விட்டுவிட்ட போன் எண். சலான் குறுஞ்செய்தி எல்லாம் அந்த எண்ணுக்கே போய்க்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு பிடிஎஃப்களும் கைக்கு வந்ததும் வாங்குபவருக்கு அனுப்பினோம். அவர் உடனே பணம் அனுப்பவில்லை. சலான் எண்களைத் தன் பக்கம் இருந்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ராத்திரிதான் அனுப்பினார்.