18,000 ரூபாய் போயிற்று: “நீங்கள் சொல்பவர் மட்டும் திரையைப் பகிரலாம்” என்று விற்பவர்களிடம் எச்சரிக்கை

காணொலிக் கூட்டச் செயலிக்கு ஆண்டுச் சந்தா விற்கும் ஒரு முகவரிடம் 18,000 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன். “லைசென்ஸ் தொடங்கிவிட்டது, பணம் திரும்பத் தர இயலாது” என்று நேற்றுதான் கைவிரித்தார்கள். கோபம் இன்னும் ஆறவில்லை.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. இறுதியாண்டு மாணவர்களின் குழு புராஜெக்ட் ரிவ்யூவை இணையவழியில் நடத்துகிறேன். எல்லாக் குழுக்களும் ஒரே கூட்டத்தில் இருக்கும். யாருடைய முறையோ அந்தக் குழுவில் நான் குறிக்கும் மாணவர் மட்டும் திரையைக் காட்ட வேண்டும். மற்றவர்களால் முடியக் கூடாது, கூட்டத்தின் பிடியும் என்னை விட்டுப் போகக் கூடாது. “அது அடிப்படை வசதி மேடம், தாராளமாகச் செய்யலாம்” என்றார் விற்பனையாளர்.

செய்தும் காட்டினார். அதில்தான் நம்பினேன். அவரும் நானும் மட்டும் இருந்த கூட்டத்தில், முதலில் என்னால் திரையைப் பகிர முடியவில்லை. அவர் எதையோ அழுத்தியதும் பகிர முடிந்தது. “பார்த்தீர்களா, உங்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன்” என்றார். இருவர் மட்டும் இருக்கும் இடத்தில் ‘உங்களுக்கு மட்டும்’ என்பதும் ‘எல்லோருக்கும்’ என்பதும் ஒன்றுபோலத்தானே தெரியும்! அனுமதி பெறாத மூன்றாவது ஆள் அங்கே இல்லை. அன்றே 18,000 ரூபாயைச் செலுத்தினேன்.

ரிவ்யூ அன்று உண்மை வெளிவந்தது. திரைப் பகிர்வுக்கு அந்தச் செயலியில் இருந்தவை இரண்டே தேர்வுகள்: ஹோஸ்ட் மட்டும், அல்லது அனைவரும். பெயர் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. வேறு வழியின்றி ‘அனைவரும்’ என்று வைத்தேன். ஒரு குழு தன் செயல்விளக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த குழுவின் மாணவர் ஒத்திகையாகப் பொத்தானைத் தொட்டுவிட்டார். முதல் குழுவின் திரை அறுந்து அவருடைய திரை வந்து நின்றது.

உடனே முகவரை அழைத்தேன். “காட்ட வேண்டியவரை கோ-ஹோஸ்ட் ஆக்குங்கள் மேடம், அதுதான் நாங்கள் சொன்ன வசதி” என்றார். ஆக்கினேன். கோ-ஹோஸ்ட்டுக்குத் திரை மட்டுமா கிடைக்கிறது? பிறரை மியூட் செய்யலாம், காத்திருப்பு அறையில் இருப்பவரை உள்ளே விடலாம், ஒருவரைக் கூட்டத்தைவிட்டே நீக்கலாம். ஹோஸ்ட்டின் இணைப்பு துண்டித்தால் கூட்டமே அவர் பொறுப்புக்குப் போய்விடும். தன் குழுத் தோழியைப் பங்கேற்பாளர் பட்டியலில் தேடிய அந்த மாணவியின் விரல் பட்டு, வெளித் தேர்வாளர் நீக்கப்பட்டுவிட்டார். நீக்கப்பட்டவர் அதே கூட்டத்துக்குத் திரும்ப வர முடியாது என்பது அந்தச் செயலியின் இயல்பு நிலை. அதை மாற்றும் அமைப்பு, கூட்டத்துக்கு வெளியே கணக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. தேர்வாளர் வெளியே நிற்க, மாணவி அழ, ரிவ்யூவை ஒத்திவைத்தேன். அந்தப் பெண்ணின் மேல் எந்தத் தவறும் இல்லை. மாணவர் கையில் கொடுக்கக் கூடாத அதிகாரத்தைக் கொடுக்க வைத்தவர்கள்தான் குற்றவாளிகள்.

அதன் பிறகு அலைக்கழிப்பு. முகவர், “செயலி நிறுவனத்தைக் கேளுங்கள்” என்றார். நிறுவனத்தின் உதவிப் பிரிவோ, “வடிவமைத்தபடியே இயங்குகிறது” என்று ஒரு வரி அனுப்பிப் புகாரை மூடியது. மறுபடியும் முகவரிடம் போனால், இன்னும் விலை கூடிய திட்டத்துக்கு மாறச் சொல்கிறார். அதிலாவது பெயர் பார்த்து அனுமதிக்கலாமா என்று கேட்டேன். “இருக்க வேண்டும் மேடம்” என்றார். இருக்க வேண்டுமாம்! என் 18,000 ரூபாயை வாங்கும்போது “இருக்கிறது” என்றல்லவா சொன்னார்?

வாங்கப் போகிறவர்கள், மூன்று பேரை வைத்துச் சோதிக்காமல் பணம் கட்டாதீர்கள். ஒருவருக்கு அனுமதி கொடுத்துவிட்டு, அனுமதி இல்லாத மூன்றாமவரைப் பகிர முயலச் சொல்லுங்கள். அனுமதி பெற்றவரால் இன்னொருவரை மியூட் செய்யவோ நீக்கவோ முடிகிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். முடிந்தால் அது திரைப் பகிர்வு அனுமதி அல்ல, பாதி ஹோஸ்ட் பதவி. சில செயலிகளில் ‘வழங்குபவர்’ என்ற தனிப் பொறுப்பு உண்டு. குறித்த ஆட்களை மட்டும் அதில் வைக்கலாம், ஆனால் அதற்குள்ளும் இந்த அதிகாரங்கள் கலந்திருக்கலாம், விடாமல் கேளுங்கள்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் பகிர்வை ‘ஹோஸ்ட் மட்டும்’ என்றே வையுங்கள். ஸ்லைடுகளை முன்கூட்டியே வாங்கி நீங்களே ஓட்டுங்கள். நேரடிச் செயல்விளக்கம் கட்டாயம் என்றால் அந்த ஒருவரை மட்டும் கோ-ஹோஸ்ட் ஆக்கி, முடிந்த உடனே பறித்துவிடுங்கள். நீக்கப்பட்டவர் திரும்ப வரலாம் என்ற அமைப்பை முதல் நாளே இயக்கி வையுங்கள்.

விற்பவர் வாயால் சொல்லும் வசதியை பில்லிலோ மின்னஞ்சலிலோ எழுதி வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் 18,000 ரூபாய்க்கும் புகார் பதிந்திருக்கிறேன்.