'இன் ஹாஸ்பிட்டல்', 'இன் தி ஹாஸ்பிட்டல்': 'தி' எப்போது வேண்டும்?

'ஷி இஸ் இன் ஹாஸ்பிட்டல்', 'ஷி இஸ் இன் தி ஹாஸ்பிட்டல்'. இரண்டையும் தமிழில் 'அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்' என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் பிரிட்டிஷ் ஆங்கிலம் பழகியவர் முதல் வாக்கியத்தைக் கேட்டதும் 'என்ன உடம்புக்கு?' என்பார். இரண்டாவதைக் கேட்டால் அவள் அந்தக் கட்டடத்துக்குள் இருப்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். யாரையாவது பார்க்கப் போயிருக்கலாம்.

அந்த இடம் எதற்காக இருக்கிறதோ அதற்காகவே ஒருவர் அங்கே இருந்தால் 'தி' வராது. இடத்தை வெறும் கட்டடமாகச் சொன்னால் 'தி' வரும். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகன் படிக்கப் போகிறான்: 'ஹி கோஸ் டு ஸ்கூல்'. அம்மா ஆசிரியரைப் பார்க்கப் போகிறார்: 'ஷி வென்ட் டு தி ஸ்கூல்'. போவது ஒரே வாசலுக்குத்தான், ஆனால் அம்மா அங்கே மாணவி இல்லை. சர்ச், பிரிசன் இரண்டுக்கும் இதே கணக்கு. கைதி 'இன் பிரிசன்', குழாய் சரிசெய்யப் போனவர் 'இன் தி பிரிசன்'.

படிக்கத்தான் போகிறான், ஆனால் எந்தப் பள்ளி என்று குறிப்பிட்டால்? அப்போது 'தி' திரும்பி வந்துவிடும்: 'தி ஸ்கூல் நியர் தி ரிவர்'. 'புதிய பள்ளி' என்று அடைமொழி சேர்த்தாலும் அப்படித்தான்: 'ஹி கோஸ் டு தி நியூ ஸ்கூல்'. இதைத்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள்.

அமெரிக்கர்கள் ஹாஸ்பிட்டலில் மட்டும் இந்த வித்தியாசம் பார்ப்பதில்லை. நோயாளியானாலும் பார்க்க வந்தவரானாலும் அவர்களுக்கு 'இன் தி ஹாஸ்பிட்டல்'தான். ஸ்கூலுக்கு அவர்களும் 'தி' போடமாட்டார்கள். பிரிட்டிஷ் வழக்கா, அமெரிக்க வழக்கா, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே எழுதுவதுதான் நல்லது என்பேன்.

அப்புறம் ஹோம். 'வீட்டுக்கு' என்பதில் 'க்கு' இருப்பதால் நம் வாயில் 'கோ டு ஹோம்' என்று வந்துவிடுகிறது. இங்கே 'ஹோம்' என்ற சொல்லுக்குள்ளேயே 'வீட்டுக்கு' என்ற பொருள் அடங்கியிருக்கிறது. அதனால் 'தி' மட்டுமல்ல, 'டு'வும் வேண்டாம்: 'ஐ ஆம் கோயிங் ஹோம்'. வீட்டில் இருந்தால் 'அட் ஹோம்'. அதையே 'அட் தி ஹோம்' என்றால், ஏதோ ஒரு முதியோர் இல்லத்தில் இருப்பதாகக் கேட்பவர் நினைக்க இடமுண்டு. யாருடைய வீடு என்று சொல்லும்போது மட்டும் 'டு' வரும்: 'டு மை ஹோம்'; 'தி'யும் வரலாம்: 'டு தி ஹோம் ஆஃப் எ ஃப்ரெண்ட்'.

இந்தச் சலுகை எல்லா இடத்துக்கும் கிடையாது. வேலை செய்யத்தான் போகிறோம் என்றாலும் 'கோ டு ஆபீஸ்' சரியாகாது, 'கோ டு தி ஆபீஸ்' என்றே சொல்ல வேண்டும். 'தி' இல்லாமல் சொல்ல நினைத்தால் 'கோ டு வொர்க்' இருக்கிறது. பேங்க், ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ் எதற்குப் போனாலும் 'தி'யை விடக்கூடாது.