சோக்கின் மின்மறுப்பு: ஒரே சோக், மூன்று விடைகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிப்ளமோ மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். பழைய செம்புக்கம்பிச் சோக்கின் மின்மறுப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னால் மூன்று வழிகள் வந்து நிற்கும். மூன்றும் மூன்று விடை தரும்.

நான்கடி, 36 வாட் டியூப் லைட்டை எடுத்துக்கொள்வோம். மின்வழங்கல் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். எரியும்போது குழாயின் குறுக்கே 103 வோல்ட், ஓடும் மின்னோட்டம் 0.43 ஆம்பியர். 230இலிருந்து 103ஐக் கழித்து, மீதி 127 வோல்ட் சோக்குக்கு என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வோல்ட்மீட்டரைச் சோக்கில் வைத்தால் 168 காட்டும். கழித்தல் கணக்கு அங்கேயே முடிந்தது.

அடுத்தது பாடப்புத்தகம் சொல்லும் வழி. குழாயைத் தூய மின்தடை என்றும், சோக்கைத் தூய மின்தூண்டி என்றும் கொண்டு, இரு ஃபேசர்களையும் செங்குத்தாக வரைகிறோம். √(230² − 103²) = 205.6 வோல்ட், அதை 0.43ஆல் வகுத்தால் மின்மறுப்பு 478 ஓம். தேர்வுத்தாளில் முழு மதிப்பெண் கிடைக்கும். மீட்டர் காட்டுவதோ 168; இடைவெளி கிட்டத்தட்ட 38 வோல்ட். அதை மீட்டரின் பிழை என்று தள்ளிவிட முடியாது.

சோக்கின் சுருளுக்கும் மின்தடை உண்டே, அதைச் சேர்த்தால் சரியாகிவிடாதா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. மூன்று மின்னழுத்த முறை அதற்குத்தான் இருக்கிறது: 230, 103, 168 மூன்றையும் முக்கோணமாக்கி, கொசைன் விதியால் கோணத்தைக் கண்டுபிடிக்கலாம். கோணத்தின் கொசைன் 0.406 வரும். அதன்படி சுருளின் மின்தடையில் மட்டும் 68 வோல்ட். அதாவது 159 ஓம். உண்மையாக இருந்தால் சோக் 29 வாட் வெப்பத்தைக் கக்க வேண்டும். கை வைக்க முடியாது. இந்த வகைச் சோக்கில் இழப்பு ஏறக்குறைய பத்து வாட்தான். மின்சாரத்தை அணைத்து, சோக்கைக் கழற்றி ஓம்மீட்டரில் பார்த்தாலும் நாற்பது ஓமுக்கு மேல் போகாது. முறை சரி, அதற்குள் போட்ட 103தான் சிக்கல்.

குழாய் ஒவ்வோர் அரைச் சுற்றிலும் அணைந்து மறுபடி பற்றுகிறது. அதனால் அதன் மின்னழுத்த அலை சைன் வடிவில் இல்லை, ஏறக்குறைய சதுரமாக இருக்கிறது. 103 × 0.43 = 44; ஆனால் குழாய் எடுப்பது 36 வாட்தான். ஆக, 103 வோல்ட்டில் ஒரு பகுதிதான் மின்னோட்டத்தோடு ஒரே கட்டத்தில் இருக்கிறது. ஃபேசர் சைன் அலைக்கு உரியது. சதுர அலையை அப்படியே அதில் வரைந்தால் முக்கோணம் பொய் சொல்லும்.

நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி: அதே மூன்று மின்னழுத்த முறை, ஆனால் குழாய் இல்லாமல். குழாயை விட்டுவிட்டு, சோக்கோடு 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணையுங்கள். அது தூய மின்தடை, அலையும் சைன் வடிவிலேயே இருக்கும். அளவுகள் இப்படி வருவதாகக் கொள்வோம்: மின்வழங்கல் 230, பல்பு 167, சோக் 143 வோல்ட், மின்னோட்டம் 0.365 ஆம்பியர். 230² − 167² − 143² = 4562. அதை 2 × 167 × 143ஆல் வகுத்தால் 0.0955. சுருளின் மின்தடைக்கு 13.7 வோல்ட், அதாவது சுமார் 37 ஓம், ஓம்மீட்டரோடு ஒத்துப்போகிறது. செங்குத்தான பகுதி 142.3 வோல்ட்; மின்மறுப்பு 390 ஓம். அதை 2π × 50, அதாவது 314ஆல் வகுத்தால் மின்தூண்டல் 1.24 ஹென்றி.

இந்த 390ஐ டியூப் லைட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். 0.43 ஆம்பியரில் மின்மறுப்பின் குறுக்கே 168 வோல்ட், சுருளின் மின்தடையில் 16. குழாயின் 36 வாட்டுக்கு ஒரே கட்டப் பகுதி 84 வோல்ட். கிடையாக 84 + 16 = 100. மொத்தம் 230 ஆக, செங்குத்தாக 207 வேண்டும். சோக் தருவது 168. மீதி 39 குழாயுடையது. அதாவது குழாயும் கொஞ்சம் மின்தூண்டி போல நடந்துகொள்கிறது. பாடப்புத்தகத்தின் 478 அந்த 39ஐயும் சோக்கின் தலையில் கட்டிவிட்ட எண். திறன் காரணி 100/230, அதாவது 0.43.

பல்பு வழிக்கும் ஒரு பலவீனம் உண்டு. மாலையில் எங்கள் பக்கம் மின்னழுத்தம் ஓரிடத்தில் நிற்பதில்லை. 230 என்று எழுதியது உண்மையில் 232 என்றால், மின்தடை 37இலிருந்து 45 ஓமுக்குத் தாவிவிடும். மின்மறுப்பு 389தான், அசையாது. ஆகவே மின்மறுப்பை இதிலிருந்து எடுங்கள், மின்தடையை ஓம்மீட்டரிலிருந்து எடுங்கள். மூன்று அளவுகளையும் ஒரே மீட்டரால் அடுத்தடுத்து, தாமதிக்காமல் குறியுங்கள்.

டியூப் லைட்டில் அளப்பவர்கள், குழாய் நிலையாக எரியத் தொடங்கிய பிறகே மீட்டரை வையுங்கள். ஸ்டார்ட்டர் திறக்கும் நொடியில் சோக் பல நூறு வோல்ட் உதைக்கும். மலிவான மீட்டர் அதைத் தாங்காது.